பதில் நின்றுபோன பேச்சு

மேட்ரிமோனி ஆப்பில் அறிமுகமான இருவர் சில வாரங்கள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். பிறகு ஒருவர் காரணம் சொல்லாமல் பேச்சை நிறுத்திவிடுவார். ஊத்தங்கரை பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஓசூர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போய், விடுதியில் தங்கியிருக்கும் இளைஞர்களிடையே இது அடிக்கடி நடப்பதுதான். தரகர் மூலம் வரன் பார்த்த காலத்தில் மறுப்பதற்கு ஒரு வழி இருந்தது. "ஜாதகம் பொருந்தலைங்க" என்று தரகர் வந்து சொல்லிவிடுவார். அது பாதி நேரம் பொய்தான். ஆனாலும் யாருடைய குறையையும் எடுத்துச் சொல்லாத பொய். அதோடு பேச்சு முடிந்தது என்று இரு வீடுகளுக்கும் தெரிந்துவிடும். நேரடியாகப் பேசும் இருவருக்கு நடுவே அந்தத் தரகர் இல்லை. இல்லை என்று முகம் பார்த்துச் சொல்லப் பழகாதவர் மௌனமாகிவிடுகிறார்.

பதில் வராதபோது முதலில் செய்யவேண்டியது, அது உண்மையிலேயே மௌனம்தானா என்று பார்ப்பது. வாட்ஸ்அப்பில் ஒரு டிக் என்றால் செய்தி இன்னும் அந்தப் போனுக்குப் போகவில்லை. இரண்டு டிக் என்றால் போய்ச் சேர்ந்துவிட்டது. நீல டிக் என்றால் திறந்து பார்த்தாயிற்று. நீல டிக்கை அணைத்துவைக்க முடியும் என்பதால், அது வராததை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. பிளாக் செய்திருந்தாலும் ஒரு டிக்கோடுதான் நிற்கும். நாள்கணக்கில் ஒற்றை டிக், அதோடு முகப்புப் படமும் தெரியவில்லை என்றால் பிளாக்காக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல அந்த ஆப் வேண்டுமென்றே இடம் தருவதில்லை. ஷிஃப்ட்டையும் கணக்கில் எடுக்கவேண்டும். சில ஆலைகளில் வேலை நேரத்தில் போனை உள்ளே கொண்டுபோக விடுவதில்லை. இரவு ஷிஃப்ட் முடித்தவர் பகல் முழுக்கத் தூங்குவார். எனவே இரண்டு நாள் தாமதத்துக்குப் பொருள் தேடுவது வீண்.

இந்த மௌனம் ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதற்கு உளவியலில் ஒரு நல்ல விடை உண்டு. கிப்ளிங் வில்லியம்ஸ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2000-ல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். கணினித் திரையில் மூவர் பந்து எறிந்து விளையாடுவார்கள். சிறிது நேரத்தில் மற்ற இருவரும் மூன்றாமவருக்குப் பந்து போடுவதை நிறுத்திவிடுவார்கள். முன்பின் தெரியாத ஆட்கள், பரிசும் இல்லை, இருந்தும் ஒதுக்கப்பட்டவர் மனம் சோர்ந்தார். எதிரே ஆடுவது மனிதரல்ல, கணினிதான் என்று முன்பே சொல்லியும் சோர்வு வந்ததை 2004-ல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது. ஒதுக்குவது யார், ஏன் என்று பார்ப்பதற்கு முன்பே மனம் வலித்துவிடுகிறது. ஆகவே "இவ்வளவு வலிக்கிறதே, நான்தான் ஏதோ தப்பாகப் பேசியிருக்கவேண்டும்" என்ற கணக்கு சரியல்ல. வலியின் அளவு தவறின் அளவைக் காட்டாது.

ஒரு மாதிரி நிகழ்வை எடுத்துக்கொள்ளலாம். ஊத்தங்கரைப் பெண் ஒருவர், பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவரோடு மூன்று வாரம் பேசுகிறார். சம்பளம், திருமணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவது, எந்த ஊரில் குடியிருப்பது என்று பேச்சு நன்றாகப் போகிறது. "வீட்டில் பேசிட்டுச் சொல்றேன்" என்பதோடு அவர் நின்றுவிடுகிறார். ஷிஃப்ட் மாறும் ஒரு வாரம் பொறுத்துவிட்டு, பெண் ஒரே ஒரு செய்தி அனுப்புவது போதும்: "வீட்டில் வேறு மாதிரி நினைத்தால் தயங்காமல் சொல்லுங்கள், நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் இல்லையென்றால் இதை முடிந்ததாக எடுத்துக்கொள்கிறேன்." தரகர் சொல்லவேண்டிய பொய்யின் இடத்தை இது நிரப்புகிறது: அவருக்கு மறுக்க எளிய வழி, இவருக்கு ஒரு முடிவுத் தேதி. ஞாயிறு கடந்ததும் செய்யவேண்டியது சின்ன வேலைகள்தான்: அந்த உரையாடலை ஆர்க்கைவில் போடுவது, ஸ்டேட்டஸை ம்யூட் செய்வது, வீட்டாரிடம் "அந்தப் பேச்சு நின்றுவிட்டது" என்று தானே முந்திச் சொல்வது. கடைசி வேலையைத் தள்ளிப்போட்டால், அத்தை ஒவ்வொரு வாரமும் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்கும்போது காயம் மறுபடி திறக்கும்.

பழைய செய்திகளைத் திரும்பத் திரும்பப் படித்து எங்கே தவறு என்று தேடுவதுதான் மிகக் கெடுதல். "வீட்டில் பேசிட்டு" என்ற சொல்லுக்குப் பின்னால் சாதி, நகை, ஜாதகம், வேறொரு வரன் என்று எது வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். அவை எதுவும் அந்த அரட்டையில் எழுதப்பட்டிருக்காது. எழுதப்படாததை எழுத்தில் தேடும்போது, கைக்கு அகப்படுவது தன் சொற்கள் மட்டுமே. தேடியே ஆகவேண்டும் என்று தோன்றினால் ஒரு கேள்வி போதும்: இதே சொற்களைத் தோழி ஒருத்தி எழுதியிருந்தால் தவறு என்று தோன்றுமா?

மௌனத்துக்கு முன் பணம் கைமாறியிருந்தால் அது வேறு விஷயம். அங்கே காத்திருக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்கவேண்டும். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். சில மாதம் கழித்து "சாரி, பிஸியா இருந்தேன்" என்று பேச்சை நிறுத்தியவரே திரும்பி வந்தால், பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டாம். அன்று நின்றது ஏன் என்று கேட்டு, அதற்கு நேரான பதில் வந்த பிறகே அடுத்த வார்த்தை.