உறைவிந்து: குடுவையிலிருந்து கருப்பை வரை

ஈச்சங்கோட்டை, ஓசூர், உதகை அரசு நிலையங்களில் தயாராகும் உறைவிந்துக் குச்சிகள், திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி சென்டிகிரேடு குளிரில் வைக்கப்படுகின்றன. குச்சியைத் தேடும்போது குவளையைக் குடுவையின் கழுத்துக்கு மேலே தூக்கலாகாது. வெளிக்காற்று பட்டுச் சூடேறிய குச்சியை மீண்டும் உள்ளே வைத்தால் பனித்துகள்கள் பெருத்து விந்தணுக்களைக் கிழித்துவிடும். கெட்ட குச்சியைக் கண்ணால் பார்த்து அறிய இயலாது.

காரைக்குடிப் பகுதியில் காலை 6 மணிக்குப் பசு பருவத்தில் இருப்பதைக் கண்டால் அன்று மாலையே கருவூட்ட வேண்டும். கோடையில் தொட்டித் தண்ணீர் மிகவும் சூடாக இருக்கும். ஆகவே வெப்பமானி வைத்து நீரை 37 டிகிரியாக்கி, அதில் குச்சியை 30 விநாடி அமிழ்த்த வேண்டும். பின்னர் ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஒரு துளி நீரும் விந்தணுவைக் கொல்லும். குச்சியைக் கருவூட்டல் துப்பாக்கியில் செருகி, அடைத்த முனையை நேராக வெட்டி, உறையை மாட்டி, வெயில் படாமல் உடனே பயன்படுத்த வேண்டும்.

பயிற்சி பெற்றவர் ஒரு கையை மலக்குடலில் விட்டுக் கருப்பை வாயைப் பிடித்துக்கொள்வார். துப்பாக்கி முதலில் சற்று மேல்நோக்கிச் செல்லும். இல்லையேல் சிறுநீர்த் துவாரத்தில் நுழைந்துவிடும். கருப்பை வாயின் கடைசி வளையத்தைத் தாண்டியதும், கருப்பையின் உடற்பகுதியில் விந்தை மெதுவாகச் செலுத்துவார். மேலும் உள்ளே தள்ளினால் விந்து ஒரே கொம்புக்குள் போய்விடும்.

தேதியைக் குறித்து வையுங்கள். 18 முதல் 24 நாட்களுக்குள் பசு மீண்டும் பருவத்திற்கு வருகிறதா என்று கவனியுங்கள்.