அகராதியில் சாய்கோட்டுக்குள் இருப்பதைப் படிப்பது எப்படி?

டேட்டா அனலிஸ்ட் வேலைக்கான நேர்முகத் தேர்வில் அரை மணி நேரத்துக்குள் மூன்று சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிவரும்: அனலிஸ்ட், அனாலிசிஸ், அனலிட்டிகல். மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் பலரும் மூன்றையும் ஒரே மெட்டில் சொல்கிறார்கள். கேட்பவர் வெளிநாட்டுக்காரராக இருந்தால் ஒரு கணம் தடுமாறுகிறார். ஆங்கில அகராதியைத் திறந்தால் இந்தச் சொற்களுக்குப் பக்கத்தில் இப்படி இருக்கும்:

```
/ˈænəlɪst/
/əˈnæləsɪs/
/ˌænəˈlɪtɪkl/
```

நாம் கண்ணை ஓட்டிவிட்டுப் பொருளுக்குத் தாவும் இடம் இதுதான். சொல்லை எப்படிச் சொல்ல வேண்டும் என்பது முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது.

இந்தக் குறிகள் அனைத்துலக ஒலிப்பு நெடுங்கணக்கைச் சேர்ந்தவை, சுருக்கமாக ஐ.பி.ஏ. என்பார்கள். 1886-இல் பாரிஸில் தொடங்கப்பட்ட ஒலியியல் சங்கம் உருவாக்கி, இன்றுவரை திருத்திவருவது. ஒரே பக்கத்தில் அடங்கும் அதன் அட்டவணையைச் சங்கத்தின் இணையதளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு படி அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெய்யெழுத்துக் கட்டம் முதலில் மிரட்டும். தமிழ் இலக்கணம் படித்தவருக்கு அந்த மிரட்சி தேவையில்லை. மேலிருந்து கீழாக வரும் வரிசைகள் ஒலி எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்கின்றன. முதல் வரிசை காற்றை முழுதாக அடைத்து விடுவிக்கும் ஒலிகள், அதாவது நம் வல்லினம். அடுத்தது மூக்கொலிகள், நம் மெல்லினம். கடைசி இரண்டு வரிசைகளில் நம் இடையினத்தில் பெரும்பாலானவை உட்கார்ந்திருக்கின்றன. இடமிருந்து வலமாகப் போகும் பத்திகள் ஒலி எங்கே பிறக்கிறது என்பதைச் சொல்கின்றன: இடக்கோடியில் உதடு, பிறகு பல், அண்ணம், வலக்கோடியில் தொண்டை. தொல்காப்பியத்தின் பிறப்பியல் வாக்கியங்களாகச் சொன்னதை இங்கே கட்டம் போட்டிருக்கிறார்கள்.

ஒரே கட்டத்தில் இரண்டு குறிகள் இருந்தால் இடப்பக்கம் இருப்பது அதிர்வில்லாதது, வலப்பக்கம் இருப்பது அதிர்வுள்ளது. குரல்வளையில் விரலை வைத்து s என்று நீட்டிப் பாருங்கள்; அதிர்வு இருக்காது. அப்படியே z-க்கு மாறினால் விரலில் துடிப்பு தெரியும். தமிழ் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. 'கல்', 'தங்கம்' இரண்டிலும் ஒரே ககரம்தான். ஆகவே நமக்கு அதிகம் தவறுவது இந்த இணைகளில்தான். 'அனலைஸ்' என்று நாம் சொல்லும் வினைச்சொல்லை அகராதி /ˈænəlaɪz/ என்கிறது. கடைசியில் z இருக்கிறது. விரலில் துடிப்பு வந்தே ஆக வேண்டும்.

t என்ற குறியிலும் ஒரு விஷயம் உண்டு. நம் டகரத்துக்கான குறி ʈ. நாக்கு வளைந்து மேலண்ணத்தைத் தொடும் பத்தியில் இருக்கிறது. ஆங்கில t அதற்கு இடப்பக்கம், மேல்பல் ஈறுக்கு உரியது. 'காற்று' என்பதில் யாழ்ப்பாணத்தார் ற்ற ஒலிக்கும் இடம் கிட்டத்தட்ட அதுதான். அனலிட்டிகல் என்று சொல்லும்போது நாக்கை வளைக்காமல் ஈறில் வைத்துப் பாருங்கள், சொல்லே லேசாகிவிடும்.

உயிர்களுக்கு ஒரு சாய்ந்த நாற்கரம் இருக்கும். அதை இடப்பக்கம் பார்த்திருக்கும் ஒரு வாய் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இடது ஓரம் வாயின் முன்புறம், வலது ஓரம் பின்புறம். மேலே இருப்பவை நாக்கு உயர்ந்து நிற்கும் ஒலிகள், கீழே இருப்பவை வாயைத் திறந்து சொல்பவை. இங்கே இணையாக வரும் குறிகளில் வலப்பக்கத்தது உதடு குவிந்தது. 'உலகு' என்று சொல்லுங்கள். முதல் உகரத்தில் உதடு குவிகிறது, அது u. கடைசியில் வரும் குற்றியலுகரத்தில் குவிவதில்லை, அது ɯ. அட்டவணையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

நம் மூன்று சொற்களுக்கு வேண்டிய உயிர்கள் மூன்றே. ɪ என்பது தளர்வாகச் சொல்லும் குறில் இகரம். æ நம்மிடம் இல்லாதது: எகரம் சொல்லும் நிலையில் உதட்டை வைத்துக்கொண்டு தாடையை நன்றாக இறக்க வேண்டும். மூன்றாவது ə. நாற்கரத்தின் நட்டநடுவில் இருக்கும் இது நாக்கு எந்தப் பக்கமும் போகாமல் உதிரும் மெல்லிய அகரம். பிரிட்டிஷ் அகராதிகளில் அழுத்தம் இதன்மேல் விழுவதில்லை. நாம் இதை முழு அகரமாகவோ, இன்னும் மோசமாக ஆகாரமாகவோ சொல்லிவிடுவதால்தான் சொல்லின் உருவமே மாறிப்போகிறது.

இப்போது /əˈnæləsɪs/ என்பதைப் பிரிப்போம். எழுத்துகளைத் தொடும் முன் மேலே நிற்கும் சிறு கோட்டைத் தேடுங்கள். ˈ என்பது அழுத்தக்குறி. தனக்கு அடுத்து வரும் அசையை ஓங்கிச் சொல் என்கிறது. இங்கே அது n-க்கு முன்னால் இருக்கிறது, ஆகவே ஓங்க வேண்டியது இரண்டாம் அசை. பிறகு உயிர்களை எண்ணுங்கள்: ə, æ, ə, ɪ, நான்கு அசைகள். முதலிலும் மூன்றாவதிலும் ə இருப்பதால் அவற்றை விழுங்குகிற மாதிரி சொல்லி, நடுவிலுள்ள 'னæ' மீது எடையைப் போடுங்கள். எங்கும் ː குறி இல்லை. அதாவது நெடிலே கிடையாது. 'னா' என்று நாம் இழுப்பது அகராதியில் இல்லாத நெடில்.

அனலிஸ்டில் அழுத்தக்குறி தொடக்கத்திலேயே இருக்கிறது. அனலிட்டிகலில் இரண்டு கோடுகள்: மேலே உள்ளது முதன்மை அழுத்தம், கீழே உள்ள ˌ துணை அழுத்தம். எனவே 'லி' ஓங்குகிறது, முதல் அசை அரைக் குரலில் நிற்கிறது. கடைசியில் k, l இரண்டுக்கும் நடுவே உயிரே இல்லை. 'கல்' என்று அகரம் சேர்க்காதீர்கள். ஒரே குடும்பச் சொற்கள்தான், ஆனால் அழுத்தம் மூன்றில் மூன்று இடத்தில் விழுகிறது.

ஏமாற்றும் குறிகளும் உண்டு. j என்பது ஜகரம் அல்ல, யகரம். ஜகரத்துக்கு dʒ. மேனேஜர் என்று நாம் சொல்வது அகராதியில் /ˈmænɪdʒə(r)/ என்று இருக்கும். அதில் ஏகாரமே இல்லை. அடைப்புக்குள் இருக்கும் r-ஐ அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் மட்டுமே பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஒலிப்பார்கள். அமெரிக்கர்கள் எப்போதும் ஒலிப்பார்கள்.

எல்லா அகராதியும் ஐ.பி.ஏ. பயன்படுத்துவதில்லை. எழுத்தின் தலையில் ā போலக் கோடு இருந்தால் அது மெரியம்-வெப்ஸ்டர் போன்ற அமெரிக்க அகராதிகளின் சொந்த முறை. அங்கே ā என்பது நெடில் ஆகாரம் அல்ல, 'எய்' என்ற ஒலி. அந்த அகராதி தரும் விளக்கப் பட்டியலைப் பார்க்காமல் படித்தால் தவறிவிடும். ஐ.பி.ஏ. தரும் அகராதிகளுக்குள்ளும் சிறு வேறுபாடு உண்டு: கேம்பிரிட்ஜ் அசைகளுக்கு நடுவே புள்ளி வைக்கும், ஆக்ஸ்ஃபோர்டின் மாணவர் பதிப்பு வைக்காது. ஒலி ஒன்றுதான்.

இன்னொன்று: சாய்கோட்டுக்குள் இருப்பது பருமட்டான வரைபடம். ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்து p-யோடு ஒரு மூச்சு சேர்ந்து வரும். அகராதி அதை எழுதாது. ஆகவே குறியைப் படித்து நீங்களே ஒருமுறை வாய்விட்டுச் சொன்ன பிறகு ஒலிபெருக்கிப் படத்தைச் சொடுக்கிக் கேளுங்கள். முதலிலேயே கேட்டுவிட்டால், பழகிய ஒலியைத்தான் காது கேட்கும். எங்கே தவறினோம் என்பது பிடிபடாது.

உங்கள் பயோடேட்டாவில் அடிக்கடி வரும் பத்துச் சொற்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அழுத்தக்குறியை மட்டும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். 'டெவலப்' அநேகமாக அந்தப் பட்டியலில் இருக்கும். அகராதியில் அது /dɪˈveləp/. அழுத்தம் இரண்டாம் அசையில்.