போர்டில் புரிகிறது, நோட்டில் வரவில்லை!

கேள்வி: 3x + 5 = 20 போன்ற சமன்பாட்டை நடத்தும்போது பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள்; தனியாகக் கொடுத்தால் விழிக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: நடுவில் ஒரு படி விட்டுப்போகிறது. முதலில் நீங்கள் வாய்விட்டு யோசித்தபடி போட்டுக் காட்டுங்கள்: “x-ஐ 3-ஆல் பெருக்கி, பிறகு 5 கூட்டியிருக்கிறது. கூட்டலை முதலில் நீக்க, இருபுறமும் 5 கழிக்கிறேன்; 3x = 15. இருபுறமும் 3-ஆல் வகுத்தால் x = 5.”

அடுத்து 2x + 7 = 15. முதல் வரியை நீங்கள் எழுதுங்கள்; மீதியை அவர்கள் எழுதி, நோட்டைத் தூக்கிக் காட்டட்டும். 2x = 8-இலிருந்து x = 6 என்று வந்தால், 2x பெருக்கல் என்பது புரியாமல் 2-ஐக் கழித்திருக்கிறார்கள். அங்கேயே திருத்துங்கள். அடுத்த கணக்கில் எல்லா வரியும் அவர்களுடையது.

பத்தில் எட்டுப் பேருக்காவது சரியாக வந்த பிறகே, அதே வகைக் கணக்குகளைத் தனியாகப் போடக் கொடுங்கள். அவசரப்பட்டால் தவறுதான் பழகும்.