குடிபுகும் நாளில் ஒரு பழுதுக் குறிப்பு

வீட்டுக்கடன் பெற்று வாங்கிய வீட்டை வாடகைக்கு விடும் வாடிக்கையாளர்கள், சாவியை ஒப்படைக்கும்போதே ஒரு பக்கக் குறிப்பையும் தருவது நல்லது. எந்தப் பழுதை உரிமையாளர் சீர்செய்வார், எதை வாடகைதாரர் தம் செலவில் பார்த்துக்கொள்வார் என்பதைச் சொல்லும் குறிப்பு அது. பல ஒப்பந்தங்களில் ‘சிறு பழுதுகள் வாடகைதாரரைச் சேர்ந்தவை’ என்ற ஒற்றை வரியே காணப்படும். எது சிறு பழுது என்ற சச்சரவு அந்த வரியிலிருந்துதான் பிறக்கிறது.

குறிப்பு எழுத ஏற்ற அடிப்படை ஒன்று உண்டு. 2021இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பழுதுகளை இரு தரப்புக்கும் பிரித்துத் தருகிறது. மாநிலம் தன் சட்டமாக இயற்றினால்தான் அது கட்டுப்படுத்தும். ஒப்பந்தத்தில் இருவரும் வேறுவிதமாக முடிவு செய்துகொள்ளவும் அது இடம் தருகிறது. கட்டடத்தின் அமைப்பு, வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், தண்ணீர்க் குழாய்களை மாற்றுதல், மின்கம்பிகள் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாயின் வாஷர், சுவிட்ச், பூட்டு, சன்னல் கண்ணாடி, கொசுவலை, சாக்கடை அடைப்பு போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. சுவருக்குள் மறைந்திருப்பது உரிமையாளருக்கு, அன்றாடம் கைபட்டுத் தேய்வது வாடகைதாரருக்கு என்று பொதுவாக நினைவில் கொள்ளலாம்.

தொல்லை தருபவை எல்லைக்கோட்டில் நிற்கும் பழுதுகளே. கீசரை எடுத்துக்கொள்வோம். அட்டவணை கீசர் பழுதை வாடகைதாரர் பக்கம் வைக்கிறது. காயில் எரிந்துபோனாலோ தெர்மோஸ்டாட் கெட்டாலோ அது சரிதான். ஆனால் உப்புநீரில் பத்தாண்டுகள் உழைத்த கீசரின் உள்தொட்டி துருப்பிடித்து ஒழுகினால், அது பெரும்பாலும் பழுதுபார்க்கக்கூடியதன்று. மாற்றித்தான் ஆக வேண்டும். சென்ற மாதம் குடிவந்தவரிடம் அந்தச் செலவைக் கேட்பது நியாயமாகாது. ஆகவே குறிப்பில், ‘கீசர் பொருத்திய ஆண்டு 2014. காயில், தெர்மோஸ்டாட் பழுது வாடகைதாரருடையது. தொட்டி ஒழுகினால் உரிமையாளர் மாற்றித் தருவார்’ என்று எழுதிவிடலாம்.

மின்சாரத்தில் பழுது எங்கே என்று கண்டறிந்தால்தான் பொறுப்பு யாருடையது என்று தெரியும். எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால், அந்த இணைப்பிலுள்ள எல்லாக் கருவிகளையும் அணைத்துப் பிளக்கையும் கழற்றிவிட்டு அதை மேலே தள்ளிப் பார்க்கவும். நின்றுவிட்டால், கருவிகளை ஒவ்வொன்றாகப் போடும்போது எது அதை விழச் செய்கிறதோ அதில்தான் கோளாறு. அது வாடகைதாரர் செலவு. எல்லாம் கழற்றிய பின்னும் விழுந்தால், ஒன்று எம்.சி.பி. கெட்டிருக்கும், அது வாடகைதாரருடையது. இல்லையேல் சுவருக்குள் ஓடும் கம்பியில் கோளாறு, அது உரிமையாளருடையது. எது என்பதை மின்பணியாளர் சொல்வார். கருகிய நாற்றம் வந்தால் இந்தச் சோதனையில் இறங்கவே கூடாது.

சுவர் ஈரமும் இப்படித்தான். தனி வீடானால், கழிப்பறைத் தொட்டி ஒழுகவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, இரவு எல்லாக் குழாய்களையும் மூடி மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வைக்கவும். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் குழாய்க் கசிவு என்று கொள்ளலாம். மட்டம் இறங்காமல், குளித்த பின்பு மட்டும் ஈரம் பரவினால் குளியலறைத் தரையில் நீர் இறங்குகிறது. இரண்டுமே உரிமையாளர் பொறுப்பு.

உரிமையாளர் செய்து தராவிட்டால் என்ன செய்வது? மாதிரிச் சட்டப்படி வாடகைதாரர் தாமே பழுதுபார்த்து, செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு மாதத்தில் கழிப்பது அந்த மாத வாடகையில் பாதிக்கு மேல் போகக்கூடாது. வாடகை ரூ.18,000, குழாய் மாற்றிய செலவு ரூ.12,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் ரூ.9,000 கழித்து ரூ.9,000 செலுத்த வேண்டும். மறுமாதம் மீதி ரூ.3,000 கழித்து ரூ.15,000 செலுத்த வேண்டும். இவ்வாறே, வாடகைதாரர் தம் பங்கைச் செய்யாமல் விட்டால் உரிமையாளர் அதை முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம்.

கழிக்குமுன் எழுத்து மூலம் தெரிவிப்பதும், பணியாளருக்கு வங்கி வழியாகப் பணம் செலுத்தி ரசீதை வைத்துக்கொள்வதும் அவசியம். ‘பழுதை எழுதித் தெரிவித்த எத்தனை நாளுக்குள் உரிமையாளர் ஆள் அனுப்புவார்’ என்பதையும் குறிப்பிலேயே சேர்த்துவிடுங்கள். குழாய்க் கசிவுக்கு 3 நாள், வண்ணப் பூச்சுக்கு 30 நாள் என்பது போலப் பழுதுக்கேற்ப வேறுபடலாம். குடிபுகும் நாளன்று இருவரும் சேர்ந்து ஒவ்வொரு குழாயையும் சுவிட்சையும் இயக்கிப் பார்த்து, முன்னரே இருந்த குறைகளைக் குறிப்பின் அடியில் எழுதிக் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும்.