கேள்வி – பதில்: 512 என்று போட்ட காட்டில் 32தான் இருந்தால்?

கேள்வி: கலியாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் வீடியோ எடுப்பது என் தொழில். இம்முறை வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போக முன்னர், தெருவோரக் கடையொன்றில் 512 ஜிபி மெமரி காட் ஒன்றை மலிவாக வாங்கினேன். வீட்டில் பத்து நிமிடம் பதிந்து பார்த்தேன், நன்றாக ஓடியது. பொங்கலன்று இரவு முழுக்க எடுத்தேன். முதல் ஒன்றரை மணித்தியாலம் அளவில் எடுத்ததுதான் இப்போது ஓடுகிறது. பிறகு எடுத்த கிளிப்புகளின் பெயரும் அளவும் தெரிகின்றன, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை. கமரா ஃபுல் எச்டி, 50 மெகாபிட். பிழை கமராவிலா, காட்டிலா? மீட்டு எடுக்கலாமா?

— வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: கமராவில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் தந்த கணக்கே காட்டைக் காட்டிக்கொடுக்கிறது.

50 மெகாபிட் என்பதை எட்டால் பிரித்தால், ஒரு செக்கனுக்கு 6.25 மெகாபைட். ஒரு மணித்தியாலத்துக்கு 22.5 ஜிபி. அப்படியானால் 32 ஜிபி நிரம்ப ஏறத்தாழ 85 நிமிடம் ஆகும். உங்கள் காட் சரியாக அந்த அளவில்தான் கைவிட்டிருக்கிறது. மேலே 512 என்று அச்சடித்திருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் 32 ஜிபி சிப்தான்.

காட்டுக்குள் சேமிக்கும் சிப் மட்டுமல்ல, அதை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் என்ற சிறிய சிப்பும் இருக்கிறது. 'உன்னிடம் எவ்வளவு இடம்?' என்று கமராவோ கணினியோ கேட்டால் பதில் சொல்வது அதுதான். போலி செய்பவர்கள் அந்தக் கன்ட்ரோலரின் மென்பொருளை மாற்றி, பொய்த் தொகையைச் சொல்ல வைக்கிறார்கள். உண்மையான இடம் முடிந்த பிறகும் அது 'எழுதிவிட்டேன்' என்றே சொல்லும். வந்த தரவை சில காட்கள் அப்படியே கைவிடும், சில காட்கள் பழையதின் மேல் எழுதும். கோப்புகளின் பெயரும் அளவும் காட்டின் தொடக்கப் பகுதியில், அதாவது உண்மையாக இருக்கும் இடத்தில், பதிவாகின்றன. அதனால்தான் பட்டியலில் எல்லாம் இருக்கிறது, திறந்தால் ஒன்றும் இல்லை. வீட்டில் பத்து நிமிடம் பார்த்தீர்கள் அல்லவா, அது 4 ஜிபிகூட வராது. அந்தச் சோதனையில் எந்தப் போலியும் தப்பிவிடும்.

மீட்பது பற்றி: முதலில் எடுத்தவற்றை உடனே வேறு இடத்தில் பிரதி எடுங்கள். அதன் பிறகு அந்தக் காட்டில் எதையும் எழுத வேண்டாம். 85 நிமிடத்துக்குப் பிந்தியவை அழிந்துபோனவை அல்ல, எழுதப்படாதவை. எழுதப்படாததை எந்த மீட்பு மென்பொருளும் தராது. 'எடுத்துத் தாறேன், இவ்வளவு தாங்கோ' என்று யாராவது சொன்னால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

சிலர் இதை 'ஸ்பீட் காணாத காட்' என்பார்கள். அது வேறு நோய். வேகம் போதாத காட்டைப் போட்டால் கமரா தானாகவே பதிவை நிறுத்தும், திரையில் எச்சரிக்கையும் வரும். போலிக் காட் எதையும் காட்டாது, அதுதான் அதில் உள்ள ஆபத்து.

அடுத்த காட் வாங்கும்போது, உறையில் பெரிய எழுத்தில் இருக்கும் '100 மெகாபைட்' போன்ற எண்ணை விட்டுவிடுங்கள். அது வாசிக்கும் வேகம். வீடியோக்காரருக்கு வேண்டியது இடைவிடாமல் எழுதும் குறைந்தபட்ச வேகம். காட்டின் முகப்பில் ஆங்கில சி எழுத்துக்குள் 10 இருந்தால் செக்கனுக்கு 10 மெகாபைட். யூ எழுத்துக்குள் 1 என்றாலும் 10தான், 3 என்றால் 30. வி எழுத்துக்குப் பக்கத்தில் 30 என்றாலும் 30தான். உங்கள் 6.25க்கு 10 போதும். நாளைக்கு 4கே கமரா வாங்கி 100 மெகாபிட்டில் எடுத்தால் 12.5 வேண்டும், அப்போது 10 தாங்காது. ஆகவே இப்போதே வி30 வாங்கிவிடுவது நல்லது. தனியாக நிற்கும் ரோம எண் ஒன்றைப் பார்த்து யூ1 என்று நினைத்துவிட வேண்டாம், அது இணைப்பு வகையைச் சொல்வது. ஏ1, ஏ2 என்பவை ஃபோனில் செயலி ஓட்டுபவர்களுக்கானவை.

போலியைக் கண்ணால் பிடிக்கச் சில வழிகள் உண்டு. எஸ்டிஎச்சி என்ற வகை 32 ஜிபியோடு முடிகிறது, அதற்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி. 128 ஜிபி என்று சொல்லி எஸ்டிஎச்சி முத்திரை குத்தியிருந்தால், விலையைக் கேட்காமலே திருப்பிக் கொடுக்கலாம். அச்சு மங்கலாக இருப்பது, உறையில் ஒரு வேகமும் காட்டில் இன்னொரு வேகமும் இருப்பது, 1 டிபி காட் 64 ஜிபியின் விலைக்குக் கிடைப்பது, எல்லாமே சந்தேகத்துக்குரியவை. ஆனால் 128 ஜிபி காட் கணினியில் 119 என்று காட்டுவது குறையல்ல. நிறுவனம் ஆயிரங்களில் எண்ணுகிறது, விண்டோஸ் 1024களில் எண்ணுகிறது. நல்ல அச்சோடு வரும் போலிகளும் உண்டு என்பதால் கண்ணை மட்டும் நம்ப முடியாது.

நிரப்பிப் பார்ப்பதுதான் தீர்ப்பு. விண்டோஸில் H2testw என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. வெறும் காட்டை ரீடரில் போட்டு, Select target இல் அதைத் தேர்ந்து, all available space என்பதை வைத்து, Write + Verify ஐ அழுத்துங்கள். அது காட்டை விளிம்புவரை நிரப்பி, பிறகு எழுதியதெல்லாவற்றையும் திரும்ப வாசித்துப் பார்க்கும். Test finished without errors என்று வந்தால் நம்பலாம். The media is likely to be defective என்று வந்தால் பற்றுச்சீட்டோடு கடைக்குப் போங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு F3 உண்டு, காட் ஏறிய இடத்தின் பெயரைக் கொடுத்தால் போதும்:

```
f3write /media/card
f3read /media/card
```

முடிவில் Data LOST என்ற வரியில் பூச்சியம் இருக்க வேண்டும்.

இந்தச் சோதனைக்குப் பொறுமை வேண்டும். செக்கனுக்கு 15 மெகாபைட் எழுதும் ரீடரில் 64 ஜிபி நிரம்ப ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல், 512 ஜிபி நிரம்ப ஒன்பதரை மணித்தியாலம். வாசிக்கும் நேரம் தனி. இதனால்தான் உங்களைப்போன்றவர்களுக்கு ஒரு 512ஐவிட 64 ஜிபி காட் இரண்டு மூன்று வாங்குங்கள் என்பேன். ஒவ்வொன்றும் உங்கள் பதிவுக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணித்தியாலம் தாங்கும். ஒன்று பழுதானாலும் முழு இரவும் போகாது.

கடைக்காரர் மாற்றித்தர மறுத்தால், பற்றுச்சீட்டு உள்ளவர்கள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பற்றுச்சீட்டுத் தராத இடத்தில் காட் வாங்காதீர்கள்.

கேள்வி: 16 ஜிபி பென்டிரைவில் 5 ஜிபி வீடியோ ஒன்று ஏறவில்லை. இடம் தாராளமாக இருக்கிறது. இதுவும் போலியா?

— வாசகி, வவுனியா

பதில்: இல்லை. உங்கள் பென்டிரைவ் FAT32 முறையில் ஃபோர்மட் ஆகியிருக்கும். அந்த முறையில் தனியொரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது. உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்து வைத்துவிட்டு exFAT இல் ஃபோர்மட் பண்ணுங்கள், ஏறும். ஆனால் பழைய டிவி சில exFAT ஐ வாசிக்காது. டிவியில் போடத்தான் வேண்டுமென்றால், வீடியோவை இரண்டாக வெட்டி FAT32 இலேயே வைத்திருங்கள்.