பனிக்காலத்தில் ஐஸ்கிரீம் விற்பது எப்படி?
பருவம் சார்ந்த தொழில் செய்வோருக்கு ஒரு கணக்குப் பாடம்

குடை, ஐஸ்கிரீம், கம்பளி ஆடை போன்றவற்றை விற்போருக்கு ஆண்டு என்பது 12 மாதம் அன்று. விற்பனை நடப்பது ஐந்தாறு மாதங்களே. ஆனால் வாடகையும் சம்பளமும் கடன் தவணையும் 12 மாதமும் தவறாமல் வருகின்றன. இந்த இடைவெளியை எவ்வாறு குறைப்பது என்பதை, லக்னோவில் நாங்கள் பணியாற்றிய காலத்தில் அறிந்த ஒரு வாடிக்கையாளரின் அனுபவத்தைக் கொண்டு விளக்க முற்படுகிறோம். அவர் ஐஸ்கிரீமும் குல்ஃபியும் தயாரிக்கும் சிறு உற்பத்தியாளர். கணக்கு எளிதில் விளங்குவதற்காக எண்களை முழுமைப்படுத்தித் தந்துள்ளோம்.

ஒரு ஜனவரி மாதம், இரண்டு தவணைகள் நிலுவையில் இருந்த நிலையில், கூடுதல் கடன் கேட்டு அவர் வங்கிக்கு வந்தார். தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். கடன் கிடைக்காவிட்டால் ஐந்து பணியாளர்களையும் மார்ச் வரை அனுப்பிவிடப் போவதாக அவர் கூறினார். அவர்களுள் குல்ஃபி செய்வதில் கைதேர்ந்த ஒரு முதியவரும் இருந்தார். ஒருமுறை வேறிடம் போனவர் மார்ச்சில் திரும்பி வருவார் என்பதற்கு உறுதி இல்லை.

இழப்பின் அளவை முதலில் அறிதல்

கடனைப் பற்றிப் பேசுமுன் அவருடைய பணப்போக்கை அவருடன் அமர்ந்து எழுதினோம். விற்பனை நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாதந்தோறும் கையிலிருந்து போகும் தொகை இது: வாடகை 40,000 ரூபாய், குளிர் அறைக்கும் இயந்திரங்களுக்கும் மின்கட்டணம் 35,000, சம்பளம் 75,000, கடன் தவணை 50,000. ஆக மொத்தம் 2,00,000 ரூபாய்.

நூறு ரூபாய்க்கு விற்றால் பால், சர்க்கரை, பொதிகலன், போக்குவரத்து ஆகியவற்றுக்கு 65 ரூபாய் போய்விடும். எஞ்சும் 35 ரூபாயே மேற்சொன்ன இரண்டு லட்சத்தை ஈடுகட்ட உதவும். கோடையில் மாதம் 12 லட்சத்துக்கு விற்கும்போது 4,20,000 ரூபாய் எஞ்சியது. நிலையான செலவுகள் போக 2,20,000 மிச்சம். நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலோ மாத விற்பனை 1,50,000 ரூபாய்தான். எஞ்சியது 52,500. ஆகவே மாதந்தோறும் பற்றாக்குறை 1,47,500; நான்கு மாதத்துக்கு 5,90,000 ரூபாய்.

இந்த எண் தெரிந்த பிறகே இலக்கும் தெளிவாகிறது. டிசம்பரில் மே மாத விற்பனையை எட்ட வேண்டும் என்பதன்று இலக்கு. 5,90,000 ரூபாய்ப் பள்ளத்தை எவ்வளவு தூர்க்க முடியும் என்பதே கேள்வி.

விலைக்குறைப்பு ஏன் கைகொடுக்கவில்லை?

அந்தக் குளிர்காலத்தில் அவர் செய்த முதல் முயற்சி 20 விழுக்காடு தள்ளுபடி. டிசம்பரில் விற்பனை எண்ணிக்கை ஒன்றரை மடங்கானது. அவர் அதை வெற்றி என்றே எண்ணினார். கணக்கு வேறு விதமாகச் சொன்னது.

நூறு ரூபாய்ப் பொருளை 80 ரூபாய்க்கு விற்றால், செலவு 65 போக எஞ்சுவது 15 ரூபாய். முன்பு எஞ்சியது 35. அதே தொகை கையில் நிற்க வேண்டுமானால் எண்ணிக்கை இரண்டேகால் மடங்குக்கும் சற்று மேலாகப் பெருக வேண்டும். முன்பு 1,500 பொதிகள் விற்று 52,500 ரூபாய் எஞ்சியது. தள்ளுபடியில் 2,250 பொதிகள் விற்றும் 33,750 ரூபாய்தான் எஞ்சியது. அதிகம் உழைத்து 18,750 ரூபாயை இழந்திருந்தார். மேலும், பனியில் நடுங்குபவர் ஐஸ்கிரீம் வாங்காததற்குக் காரணம் விலையன்று. வாங்க மனமில்லாதவருக்கு விலையைக் குறைப்பதால், எப்படியும் வாங்க இருந்தவருக்கே தள்ளுபடி போய்ச் சேர்கிறது.

அந்தப் பருவத்தில் வாங்குபவர் யார்?

பருவம் மாறும்போது வாங்கும் ஆளும் மாறுகிறார், வாங்கும் காரணமும் மாறுகிறது. வெயிலுக்காக வாங்குபவரைக் குளிர்காலத்தில் தேடிப் பயனில்லை. விருந்துக்காக வாங்குபவரைத் தேட வேண்டும்.

வட இந்தியாவில் கார்த்திகை மாத வளர்பிறை ஏகாதசியான தேவ உத்தானி ஏகாதசிக்குப் பின் திருமணங்கள் தொடங்குகின்றன. டிசம்பர் நடுவில் கர்மாஸ் பிறக்கும். நம் மார்கழியைப் போல அம்மாதத்தில் திருமணம் நடத்துவதில்லை. மகர சங்கராந்திக்குப் பின் மீண்டும் முகூர்த்தங்கள் வருகின்றன. ஆக, ஐஸ்கிரீம் கடை வெறிச்சோடும் அதே மாதங்களில் திருமணத் திடல்கள் நிரம்பி வழிகின்றன. அங்கே சூடான கேரட் அல்வாவின் மேலோ குலாப் ஜாமூனின் அருகிலோ ஒரு கரண்டி வெண்ணிலா வைத்துப் பரிமாறுவது விருந்தினர் விரும்பும் பழக்கமாகவே உள்ளது.

ஒரு திருமணத்துக்கு எவ்வளவு தேவைப்படும்? நானூறு விருந்தினரில் 250 பேர் உண்பதாகக் கொள்வோம். ஒரு கரண்டி ஏறத்தாழ 65 மில்லி லிட்டர் என்றால் 16 லிட்டருக்குச் சற்று மேல். சேதாரத்தையும் சேர்த்து 20 லிட்டர், அதாவது நான்கு லிட்டர் கலன்கள் ஐந்து. லிட்டர் 150 ரூபாய் வீதம் 3,000 ரூபாய். அத்துடன் 20 ரூபாய் வீதம் 200 குல்ஃபி, 4,000 ரூபாய். மொத்தம் 7,000. மொத்த விலை என்பதால் நூற்றுக்கு 25 ரூபாயே எஞ்சும். ஆயினும் இது தள்ளுபடியிலிருந்து வேறுபட்டது. கடை விலை குறையவில்லை. முன்பு வாங்காதவர் புதிதாக வாங்குகிறார்.

நவம்பரில் தொடங்கினால் தாமதம்

விருந்தின் உணவுப் பட்டியலைத் திருமண வீட்டார் முகூர்த்தத்துக்குப் பல வாரங்கள் முன்பே சமையல் ஒப்பந்தக்காரருடன் முடிவு செய்துவிடுகின்றனர். நவம்பரில் போய் மாதிரி கொடுப்பவருக்கு அந்தப் பட்டியலில் இடம் இராது. ஆகவே ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களிலேயே அவர் 12 ஒப்பந்தக்காரர்களைச் சந்தித்தார். விளம்பரத் தாளை நீட்டாமல், சூடான அல்வாவையும் வெண்ணிலாவையும் எடுத்துச் சென்று அவர்கள் சமையற்கூடத்திலேயே பரிமாறிக் காட்டினார். வாசலில் முகூர்த்தப் பட்டியலை மாட்டிவைத்து, அதையொட்டியே உற்பத்தி நாள்களைக் குறித்தார்.

திருமணமில்லாத கர்மாஸ் மாதத்துக்கு வேறு வழி தேவைப்பட்டது. பதினைந்து இனிப்புக் கடைகளில் கேரட் அல்வா வாங்குவோருக்கு அரை லிட்டர் வெண்ணிலாவை உடன் விற்க ஏற்பாடு செய்தார். அல்வாத் தட்டின் அருகிலேயே சிறு உறைபெட்டி. அதன்மேல் ‘சூடான அல்வாவுடன்’ என்ற ஒரே வரி. தனியாக நின்றால் குளிரை நினைவூட்டும் பொருள், அல்வாவின் அருகில் நிற்கும்போது விருந்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

கிடைத்த பலன்

அந்தக் குளிர்காலத்தில் 120 திருமணங்கள் மூலம் 8,40,000 ரூபாய் விற்பனை, எஞ்சியது 2,10,000. இனிப்புக் கடைகளில் 90 நாளில் 5,400 பொதிகள், 75 ரூபாய் வீதம் 4,05,000 ரூபாய். நூற்றுக்கு 30 வீதம் எஞ்சியது 1,21,500. மாதிரிகள், வண்டி, தற்காலிக ஆள் ஆகியவற்றுக்குக் கூடுதல் செலவு 50,000. நிகரப் பலன் 2,81,500 ரூபாய். பற்றாக்குறை 5,90,000 ரூபாயிலிருந்து 3,08,500 ஆகக் குறைந்தது.

குளிர்காலம் இலாபம் தரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளம் ஏறத்தாழப் பாதி தூர்ந்தது, அவ்வளவே. எஞ்சிய பாதியை ஏப்ரல், மே, ஜூன் மாதங்களின் மிச்சத்திலிருந்து, மாதம் 1,03,000 ரூபாய் வீதம் குறுகிய கால வைப்பில் ஒதுக்கி வைத்தார். ஐந்து பணியாளரும் வேலையில் நீடித்தனர், தவணையும் தவறவில்லை.

தவறக்கூடிய இடங்கள்

முதலாவது, பழைய சரக்கு. கோடையில் மீந்ததைக் குளிர்கால விருந்தில் தள்ளிவிடத் தோன்றும். ஐஸ்கிரீமை மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ சீராக வைத்திருக்க வேண்டும். மின்தடையால் சற்று இளகி மீண்டும் உறைந்தால் பனிப்படிகங்கள் பெரிதாகி நாவில் நறநறக்கும். மூடியின் உட்புறம் பனி படிந்திருப்பதும், ஓரங்களில் ஐஸ்கிரீம் கலனைவிட்டுச் சுருங்கி விலகியிருப்பதும் அதன் அறிகுறிகள். ஒரு திருமணத்தில் இதைப் பரிமாறினால் 400 பேர் அறிவார்கள். முகூர்த்தத்துக்கு ஏற்பச் சிறு அளவில் புதிதாகத் தயாரிப்பதே தக்கது.

இரண்டாவது, வரவேண்டிய பாக்கி. கடையில் விற்றால் உடனே பணம். ஒப்பந்தக்காரரோ திருமண வீட்டார் தந்த பிறகே தருவார். பாக்கி ஏறினால் விற்பனை ஏட்டில் இருக்கும், பணம் கையில் இராது. நெடுநாள் வசூலாகாத பாக்கியை வங்கியும் பொதுவாகக் கடன் வரம்புக்குக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பாதித் தொகையை முன்பணமாகப் பெறுவதும், முந்தைய பாக்கி தீராமல் மூன்றாவது விருந்துக்குச் சரக்கு அனுப்பாதிருப்பதும் அவர் வகுத்துக்கொண்ட விதிகள்.

மூன்றாவது, கடனின் அமைப்பு. பருவத் தொழிலுக்கு நடைமுறை மூலதன வரம்பைப் பருவ காலத்துக்கு ஒன்று, பிற காலத்துக்கு ஒன்று என இரு அளவாகக் கேட்கலாம். பருவக் கடன் தவணையையும் கோடையில் கூடுதலாகவும் குளிரில் குறைவாகவும் அமைத்துத் தருமாறு கோரலாம். இதைக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதே, 12 மாதப் பணப்போக்கு அட்டவணையுடன் கேட்பது நலம். தவணை தவறிய பின் கேட்பது வேறு. அப்போது கணக்கு மறுசீரமைப்புக்கு உள்ளாகும்.

குடை விற்பவரும் கம்பளி விற்பவரும் இதே தாளை எடுத்து எழுதலாம். முதல் வரியில் பருவமற்ற மாதங்களின் பற்றாக்குறை. இரண்டாவது வரியில் அம்மாதங்களில் அப்பொருளை வேறு காரணத்துக்காக வாங்கக்கூடியவர் யார் என்பது. மூன்றாவது வரியில் அவர் எப்போது முடிவெடுக்கிறார் என்பது. இம்மூன்றையும் நிரப்பிக்கொண்டு கிளைக்கு வாருங்கள். மற்றதைச் சேர்ந்து கணக்கிடுவோம்.