‘ரொம்ப தூரம்’ எவ்வளவு தூரம்?

ஏழாம் வகுப்பு மாணவியின் தந்தை தலைமையாசிரியருக்கு எழுதியிருந்தார்: “பிள்ளை ரொம்ப தூரம் நடக்கிறாள். வீட்டுப் பக்கம் பஸ் நிற்க ஏற்பாடு செய்யுங்கள்.”

அரசுப் பேருந்து எங்கே நிற்பது என்பதைப் பள்ளி முடிவுசெய்ய முடியாது. போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு எழுத வேண்டும். தூரமும் ஆட்கணக்கும் இல்லாமல் அவர் என்ன செய்வார்? அதையே கடிதப் பாடமாக்கினேன். அந்தத் தெருப் பிள்ளைகள் நடந்து நேரம் குறித்தார்கள்: நிறுத்தம் வரை 25 நிமிடம், ஏறுபவர்கள் 11 பேர். பேருந்தோ அவர்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போகிறது!

வரைவில் ‘ரொம்ப தூரம்’ போய், தடம் எண்ணும் காலை நேரமும் நிற்க வேண்டிய இடமும் வந்தன. தந்தை வாசித்துவிட்டு, “மழைன்னா ஓடையைக் கடக்கணும், அதையும் சேருங்க டீச்சர்” என்றார். அதை முதல் வரியாக வைத்தோம்.